பக்தி சேனல் தொகுப்பாளினிக்குத் தொல்லை: நம்பரை மாற்றினால் தீருமா?

வடக்குமாடவீதி | 19 ஜூலை 2025, இரவு 10:50

என் தங்கை திருவொற்றியூரில் ஒரு சின்ன பக்தி சேனலில் தொகுப்பாளினி. காலையில் கோயில் வரலாறு சொல்வாள். மாலை பூஜையில் நேயர்கள் அனுப்பும் பெயர், நட்சத்திரம், கோத்திரம் வாசிப்பாள். யூடியூபிலும் உள்ளூர் கேபிளிலும் வருகிறது. அர்ச்சனைக்குப் பெயர் அனுப்பச் சொல்லித் திரையில் ஓடும் வாட்ஸ்அப் எண் அவளுடைய சொந்த எண். அவள் சேர்ந்த புதிதில், ஆபீஸ் போன் வாங்கும் வரை இருக்கட்டும் என்று முதலாளி போட்டார். அப்படியே நின்றுவிட்டது.

ஒருத்தர் முதலில் தினமும் காலையில் அம்மன் படம் அனுப்பினார். பிறகு "நேற்று கட்டிய அரக்குப் புடவை உனக்கு எடுப்பாக இருந்தது." பிறகு "கனவில் அம்பாள் உன்னைத்தான் காட்டினாள்." இப்போது ராத்திரி பதினொரு மணிக்கு மேல் அழைப்பு. பிளாக் செய்தால் வேறு எண்ணில் வருகிறார். நேற்று ஆடி முதல் வெள்ளி. நேரலை ஓடும்போதே "ஏன் என் போனை எடுக்கவில்லை?" என்று எல்லோரும் பார்க்க எழுதுகிறார்.

முதலாளி சொல்வது: "பக்தர்தானேம்மா, மனசு நோகும்படி எதுவும் சொல்லிவிடாதே. ரெண்டு வார்த்தை நல்லபடியாகப் பேசிவிடு." மற்ற எல்லோரும் நம்பரை மாற்று என்கிறார்கள். வங்கி, ஆதார், கேஸ் எல்லாம் அந்த எண்ணில்தான் இருக்கிறது. அவர் செய்யும் அட்டூழியத்துக்கு இவள் ஏன் எண்ணை இழக்க வேண்டும்? வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.

காசிமேடு_பாலா | 19 ஜூலை, இரவு 11:15

உடனே 1930க்கு போன் போடுங்க. சைபர் கிரைம் அதுதான். அந்த வாட்ஸ்அப் உரையாடலையெல்லாம் அழித்துவிட்டு பிளாக் பண்ணச் சொல்லுங்க, பார்க்கப் பார்க்கத்தான் மன உளைச்சல். ஆள் யாரென்று தெரிந்தால் நாலு பேர் போய் பேசிவிட்டு வரலாம்.

பாரிமுனை_வக்கீல் | 20 ஜூலை, காலை 6:40

உரையாடலை அழிக்காதீர்கள். இந்த இழையில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதை மட்டும் தங்கையிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

1930 பணமோசடிக்கான எண். பணம் போன சில மணி நேரத்துக்குள் வங்கிக் கணக்கை முடக்க அது உதவும். உங்கள் விஷயத்துக்கு cybercrime.gov.in தளத்தில் பெண்கள், குழந்தைகள் மீதான குற்றங்களுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. அதில் பெயர் சொல்லாமல் புகார் போடவும் வழி உண்டு. ஆனால் அப்படிப் போட்டால் புகார் என்ன ஆனது என்று பின்தொடர முடியாது. பெயர் கொடுத்தே போடுங்கள். அவசரம் என்றால் 112. பெண்களுக்கான 181 எண்ணிலும் வழி சொல்வார்கள்.

இனி சட்டம். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் பழைய 354டி பிரிவு போய், பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவு வந்திருக்கிறது. ஒரு பெண் தனக்கு விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் ஒரு ஆண் திரும்பத் திரும்பத் தொடர்பு கொண்டால், அல்லது கொள்ள முயன்றால், அது பின்தொடரும் குற்றம். மத்திய சட்டப்படி முதல் முறை மூன்று வருடம் வரை சிறை, ஜாமீன் கிடைக்கும். மறுபடி தண்டனை பெற்றால் ஐந்து வருடம் வரை, ஜாமீனில் வர முடியாத குற்றம். இதில் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது "தெளிவாகக் காட்டிய பிறகும்" என்பதை. உங்கள் தங்கை இதுவரை அவருக்கு எழுத்தில் மறுப்பு சொல்லியிருக்கிறாரா?

வடக்குமாடவீதி | 20 ஜூலை, காலை 9:05

கேட்டேன். சொல்லவில்லை. ஆரம்பத்தில் அம்மன் படத்துக்குக் கை கூப்பும் படம் ஒன்று பதிலாக அனுப்பியிருக்கிறாள், எல்லா நேயருக்கும் அனுப்புவதுபோல. அப்புறம் ஒருமுறை "அண்ணா, இப்ப ஷூட்டிங்ல இருக்கேன்" என்று. அதோடு சரி. அவர் அந்த "அண்ணா"வைப் பிடித்துக்கொண்டு "என்னை அண்ணா என்று கூப்பிடாதே" என்று பத்து செய்தி அனுப்பியிருக்கிறார்.

பாரிமுனை_வக்கீல் | 20 ஜூலை, பகல் 1:20

ஷூட்டிங்கில் இருக்கிறேன் என்றால், பிறகு பேசலாம் என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். மறுப்புக்குக் காரணம் சொல்லக் கூடாது, காரணம் தீர்ந்ததும் திரும்ப வருவார். ஒரே ஒரு செய்தி அனுப்பச் சொல்லுங்கள்:

"உங்கள் செய்திகளிலும் அழைப்புகளிலும் எனக்கு விருப்பமில்லை. இனி எந்த எண்ணிலிருந்தும், யார் மூலமாகவும் என்னைத் தொடர்பு கொள்ள வேண்டாம்."

வணக்கம் வேண்டாம், மன்னிக்கவும் வேண்டாம், அண்ணா வேண்டாம், சாமி படம் வேண்டாம். திட்டும் வேண்டாம், மிரட்டலும் வேண்டாம். அவர் எத்தனை எண்ணிலிருந்து வந்தாரோ அத்தனைக்கும் இதையே அனுப்பட்டும். நீல டிக் வந்தால் அதோடு படம் பிடித்து வையுங்கள். வராவிட்டாலும் போனது போனதுதான்.

அதன் பிறகு ஒரு எழுத்துகூட பதில் போகக் கூடாது. இருபது தடவை அழைத்த பின் "ஏன் தொல்லை பண்றீங்க" என்று கேட்க ஒருமுறை எடுத்தாலும், இருபத்தோரு தடவை அழைத்தால் குரல் கேட்கலாம் என்று அவர் கற்றுக்கொள்வார். பலர் தோற்பது இந்த இடத்தில்தான்.

பாலா தம்பிக்கு: நாலு பேர் போய் பேசினால், மறுநாள் அவர் கையில் ஒரு மிரட்டல் புகார் இருக்கும். உங்கள் வழக்கு அங்கேயே பாதி போய்விடும்.

மணலி_டெக் | 20 ஜூலை, மாலை 4:00

சேனலை ஹேக் பண்ணுவதுதான் பிரச்சினையா? கூகுள் கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு போடுங்க, பாஸ்வேர்டை மாற்றுங்க, யார் யாருக்கு மேனேஜர் அனுமதி இருக்கிறது என்று பாருங்க.

வடக்குமாடவீதி | 20 ஜூலை, மாலை 4:30

ஹேக் இல்லை, ஆள் தொல்லை. ஆனாலும் நீங்கள் சொன்னதால் போய்ப் பார்த்தேன். சேனல் அறிமுகப் பக்கத்தில் தொடர்புக்கு என்று போட்டிருப்பது தங்கையின் சொந்த மின்னஞ்சல். அதை எடுக்கச் சொல்லிவிட்டேன். ஆக உங்கள் பதிலும் பயன்பட்டது.

வடக்குமாடவீதி | 23 ஜூலை, இரவு 9:45

செய்ததை எழுதுகிறேன். இதே நிலையில் வேறு வீடு இருந்தால் உதவும்.

மறுப்புச் செய்தி போய்விட்டது. எண்ணை மாற்றவில்லை, பிரித்துவிட்டோம். புது சிம் வாங்கி ஆபீஸ் போனில் போட்டாயிற்று. கணக்கு பார்க்கும் அக்கா அதை வைத்திருக்கிறார், ஆபீஸ் பூட்டும்போது போனும் மேசைக்குள் போய்விடும். வாட்ஸ்அப் பிசினஸில் "பெயர், நட்சத்திரம் மட்டும் அனுப்பவும், இந்த எண்ணில் அழைப்பு ஏற்கப்படாது" என்று தானாகப் போகும் பதில் வைத்திருக்கிறோம். முகப்புப் படமாகக் கோயில் கோபுரம்தான், தங்கையின் படம் இல்லை.

பழைய எண்ணைத் திரையிலிருந்து எடுத்தால் போதும் என்றுதான் முதலாளி நினைத்தார். பழைய வீடியோ எல்லாவற்றிலும் விளக்கப் பகுதியில் அது கிடக்கிறது. அவற்றை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து மாற்றினோம். படத்தோடு சேர்ந்து பதிந்து கீழே ஓடும் எண்ணை அப்படி அழிக்க முடியாது. அதிகம் பேர் பார்க்கும் வீடியோக்களில் மட்டும் யூடியூப் ஸ்டூடியோவில் இருக்கும் மங்கலாக்கும் வசதியால் மறைத்தோம். மிச்சம் இருக்கிறது. கேபிளில் போனதை ஒன்றும் செய்ய முடியாது.

அப்புறம் அன்னதானத்துக்கு என்று திரையில் வரும் க்யூஆர். அதை ஸ்கேன் செய்தால் தங்கையின் முழுப் பெயரும், அவள் போன் எண்ணிலேயே அமைந்த யுபிஐ முகவரியும் வருகிறது. எண்ணை எல்லா இடத்திலும் மறைத்துவிட்டு இதை விட்டிருந்தால் அவ்வளவும் வீண். சேனல் பெயரில் இருக்கும் நடப்புக் கணக்கின் க்யூஆரை வைத்தாயிற்று.

தங்கையின் சொந்த வாட்ஸ்அப்பில் படம், கடைசியாகப் பார்த்த நேரம், ஸ்டேட்டஸ் எல்லாம் தொடர்பில் உள்ளவர்களுக்கு மட்டும். குழுவில் யாரும் சேர்க்க முடியாதபடியும் வைத்திருக்கிறோம். "Silence unknown callers" போட்டதும் ராத்திரி மணி அடிப்பது நின்றது. அழைப்பு வந்த பதிவு மட்டும் இருக்கும். அவள் தூங்குகிறாள், அது எனக்குப் பெரிய விஷயம்.

ராயபுரம்_உபன்யாசம் | 24 ஜூலை, காலை 11:10

நான் கேபிள் காலத்தில் திருப்பாவை சொன்னவள். அப்போது லேண்ட்லைன். ஒருவர் தினமும் ராத்திரி அழைத்து ஒன்றும் பேசாமல் மூச்சு மட்டும் விடுவார். என் வீட்டுக்காரர் எடுத்துக் கண்டபடி திட்டினார். அழைப்பு இரட்டிப்பாயிற்று. கடைசியில் மாமியார் எடுத்து, ஒன்றும் சொல்லாமல் ரிசீவரை மேசைமேல் வைத்துவிட்டு சமையலுக்குப் போய்விடுவார். அதுதான் பலித்தது. வக்கீலம்மா சொல்வது எனக்கு அனுபவத்தில் தெரியும்.

உங்கள் தங்கையிடம் கேளுங்கள்: "தாயே, ஆசீர்வாதம் பண்ணுங்க" என்று வருகிறவரை விரட்டினால் பாவமோ என்று மனசுக்குள் இருக்கும். எனக்கு இருந்தது. பக்தி சொல்கிறவளுக்குக் கோபம் வரக் கூடாது என்று நம் ஜனம் எதிர்பார்க்கும். அந்தக் கூச்சத்தில்தான் இந்த ஆட்கள் நுழைவார்கள். அதை யாராவது ஒருவர் அவளிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அவள் அம்மா சொன்னால் இன்னும் நல்லது.

வடக்குமாடவீதி | 24 ஜூலை, இரவு 10:20

நேற்றே அம்மா சொன்னாள். "நீ அம்மன் கதை சொல்றவ, அம்மன் இல்ல. எல்லாருக்கும் வரம் கொடுக்க வேண்டியதில்லை."

காசிமேடு_பாலா | 25 ஜூலை, காலை 7:30

அம்மாவுக்கு வணக்கம். ஒரு சந்தேகம்: பிளாக் பண்ணாமல் வைத்திருந்தால் அந்த ஆள் அனுப்புவதையெல்லாம் தங்கச்சி பார்க்கணுமே? அது கொடுமை இல்லையா?

பாரிமுனை_வக்கீல் | 25 ஜூலை, மாலை 6:15

அவர் பார்க்க வேண்டாம். அந்த உரையாடல்களின் ஒலியை நிறுத்தி ஆர்கைவில் தள்ளிவிடுங்கள். வீட்டில் வேறு ஒருவர் தினம் ஒருமுறை திறந்து, மிரட்டலோ, வருகிறேன் என்பதோ இருக்கிறதா என்று மட்டும் பார்க்கட்டும். பிளாக் செய்தால் அவர் புது எண் வாங்குவார், அடுத்து என்ன செய்யப் போகிறார் என்ற தகவலும் நமக்குப் போய்விடும். ஆனால் ஆபாசப் படம் அனுப்புகிற ஆளாக இருந்தால் நான் வேறு மாதிரி சொல்வேன், சேமித்துவிட்டு பிளாக். இதில் எல்லோருக்கும் ஒரே விதி கிடையாது.

சேமிப்பது எப்படி என்பதையும் சொல்கிறேன். "லூசு" "தொல்லை" என்று பெயர் போட்டு வைத்திருந்தால் ஸ்கிரீன்ஷாட்டில் பெயர்தான் வரும், எண் வராது. தொடர்பிலிருந்து நீக்கி, எண் தெரியும்படி எடுங்கள். தேதி தெரிய வேண்டும். உரையாடலை ஏற்றுமதி செய்து உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள். ஒருமுறை மட்டும் பார்க்கும் படமாக வந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடியாது, இன்னொரு போனால் படம் பிடியுங்கள். ஒரு நோட்டில் தேதி, நேரம், எண், என்ன நடந்தது, கூட யார் இருந்தார் என்று எழுதி வாருங்கள். அந்த போனை விற்கவோ ரீசெட் பண்ணவோ கூடாது. நீதிமன்றத்தில் மின்னணு ஆதாரத்துக்குப் புதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்று கேட்பார்கள். அதற்கு மூலக் கருவி கையில் இருப்பது நல்லது.

வடக்குமாடவீதி | 25 ஜூலை, இரவு 8:00

நல்லவேளை கேட்டீர்கள் பாலா. அவர் அந்த உரையாடலில் 24 மணி நேரத்தில் செய்தி தானாக அழியும் வசதியைப் போட்டு வைத்திருந்தார்! இன்று காலைதான் கண்ணில் பட்டது. நம் பக்கத்திலிருந்தும் அதை நிறுத்தலாம், நிறுத்திவிட்டோம். அதற்கு முன் போனது போனதுதான். ஆனால் புடவை, கனவு பற்றியவை அவருடைய பழைய எண்ணிலிருந்து வந்த உரையாடலில் இருக்கின்றன.

வடக்குமாடவீதி | 29 ஜூலை, இரவு 11:30

நேற்று ஆடிப்பூரம். அர்ச்சனைப் பட்டியல் வழக்கத்தைவிட நீளம். தங்கை வாசித்துக்கொண்டே போகிறாள், நடுவில் "தம்பதி ஒற்றுமைக்கு" என்ற தலைப்பில் ஒரு ஆண் பெயர், அதற்குப் பக்கத்தில் அவளுடைய பெயர், அவளுடைய நட்சத்திரம். நட்சத்திரத்தை எப்போதோ ஒரு நிகழ்ச்சியில் அவளே சொல்லியிருக்கிறாள். பாதி வாசித்த பிறகுதான் புரிந்து நிறுத்தினாள். முகம் வெளுத்ததை நேரலையில் எல்லோரும் பார்த்தார்கள். அவர் அதை வெட்டி ஸ்டேட்டஸாகப் போட்டிருக்கிறாராம், ஒரு நேயர் சொன்னார்.

இந்த வழியாகவும் வருவார் என்று யாருக்கும் தோன்றவில்லை. இன்று முதல் பட்டியலை அக்கா முதலில் படித்துத் தட்டச்சு செய்து கொடுக்கிறார். முதலெழுத்து, நட்சத்திரம், ஊர் மட்டும். தம்பதி பெயர்கள் வாசிப்பதில்லை. இதற்குச் சில நேயர்கள் வருத்தப்பட்டார்கள். முழுப் பெயர் வாசித்தால்தான் பலன் என்று ஒரு பெரியவர் போன் செய்தார். முழுப் பட்டியலும் சன்னதியில் குருக்கள் கையில் போகிறது என்று சொன்னதும் சமாதானம் ஆனார்.

நேரலைக் கருத்துகளை இப்போது தங்கை பார்ப்பதே இல்லை, எடிட்டர் பையன் பார்க்கிறான். அந்த ஆளுக்கு "Hide user from channel" போட்டாயிற்று. அவர் எழுதுவது மற்றவர் கண்ணில் படாது, மறைத்தது அவருக்கு அறிவிப்பாகவும் போகாது. தடுக்கும் சொற்களில் தங்கை வசிக்கும் தெருப்பெயர், வீட்டுப்பெயர், போன் எண்ணின் கடைசி ஐந்து இலக்கம் எல்லாம் சேர்த்திருக்கிறோம். தமிழிலும், ஆங்கில எழுத்தில் தமிழை எழுதும் வகைகளிலும் தனித்தனியாகப் போட வேண்டியிருக்கிறது.

மணலி_டெக் | 30 ஜூலை, காலை 8:20

நேரலை அரட்டையை சந்தாதாரருக்கு மட்டும் வைத்து, குறைந்தது இத்தனை நாள் சந்தாதாரராக இருக்க வேண்டும் என்றும் போடலாம். புதுக் கணக்கு திறந்து உடனே வருவது நிற்கும். முன்பு கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை, இப்போது முழுக்கப் படித்தேன்.

வடக்குமாடவீதி | 2 ஆகஸ்ட், இரவு 10:05

நேரில் வந்துவிட்டார்.

நேற்று ஆடி மூன்றாம் வெள்ளி, வடிவுடையம்மன் கோயில் வெளியே படப்பிடிப்பு. முந்தின நாள் சேனல் பக்கத்தில் "நாளை மாலை சன்னதித் தெருவில் சந்திப்போம்" என்று முதலாளி அறிவிப்பு போட்டிருக்கிறார், தங்கைக்கே தெரியாமல். பட்டுப் புடவையும் மல்லிகையும் வைத்த தட்டோடு நின்றிருந்தார். அக்கா முன்னால் போய் "எந்தப் பொருளும் வாங்குவதில்லை" என்று திருப்பிக் கொடுத்தார். தங்கை அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எடிட்டர் பையன் அவளை எதிர்ச்சாரியில் பூக்கடைக்குள் உட்கார வைத்தான். அவர் அரைமணி நேரம் நின்றுவிட்டு, அவளுடைய ஸ்கூட்டர் பக்கத்தில் தட்டை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதாவது ஸ்கூட்டர் எது என்று தெரிந்திருக்கிறது. பழைய வீடியோ ஒன்றில் நம்பர் பலகையோடு வந்திருக்கிறது.

பாரிமுனை_வக்கீல் | 2 ஆகஸ்ட், இரவு 10:40

தட்டை அப்படியே படம் எடுத்து வையுங்கள். பூக்கடை, எதிர்க்கடை கேமராப் பதிவு நாளைக்கே கேளுங்கள், சில நாளில் பழையதன் மேல் புதியது பதிவாகிவிடும். திங்கள் வரை காத்திருக்க வேண்டாம், நாளைக் காலை அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போங்கள். எல்லை எங்களுடையதில்லை என்றால், எந்த நிலையத்திலும் பூஜ்ய எப்ஐஆர் பதியலாம் என்று சொல்லுங்கள். புகாரில் உணர்ச்சி வேண்டாம். மறுப்பு அனுப்பிய தேதி முதல் வரியில், அதன் பிறகு நடந்தவை தேதி வரிசையில். 78ஆம் பிரிவு, தமிழ்நாடு பெண்கள் மீதான தொல்லைத் தடுப்புச் சட்டம் 1998, இரண்டையும் குறிப்பிடுங்கள். எப்ஐஆர் உடனே போடாவிட்டாலும், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள்.

முதலாளிக்கும் ஒரு வார்த்தை. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013இல், தொல்லை செய்பவர் வெளியாளாக இருந்தாலும், பெண் விரும்பினால் நடவடிக்கை தொடங்க உதவுவது நிர்வாகத்தின் கடமை. எபிசோடுக்கு இவ்வளவு என்று சம்பளம் வாங்குபவரும் அதில் ஊழியர்தான். பத்துப் பேருக்குக் குறைவான இடம் என்றால் மாவட்ட உள்ளூர்க் குழு இருக்கிறது. ராஜாஜி சாலையில் கலெக்டர் ஆபீசில் விசாரியுங்கள்.

வடக்குமாடவீதி | 5 ஆகஸ்ட், இரவு 9:15

சிஎஸ்ஆர் கிடைத்தது. ஆளைக் கூப்பிட்டு விசாரித்து, இனி தொடர்பு கொள்ள மாட்டேன் என்று எழுதி வாங்கி அனுப்பிவிட்டார்கள். அவர் அங்கே சொன்னது: "அம்மன் பக்தியில் செய்தேன், தப்பா நினைக்காதீங்க." நோட்டையும் மறுப்புச் செய்தியையும் காட்டிய பிறகுதான் எஸ்ஐ அம்மா குரல் மாறியது. அதுவரை "அவரும் சாமி கும்பிடுறவர்தானே" என்ற பேச்சுதான் அங்கேயும்.

எழுதி வாங்கி அனுப்பியது எனக்குப் போதவில்லை. எப்ஐஆருக்கு அழுத்தம் கொடுக்கலாமா என்று யோசிக்கிறோம். தங்கை வேண்டாம் என்கிறாள். இந்த வாரம் அப்படிச் சொல்கிறாள்.

ராயபுரம்_உபன்யாசம் | 6 ஆகஸ்ட், காலை 10:00

அவள் சொல்வதைக் கேளுங்கள் தம்பி. நீங்கள் முடிவு செய்யாதீர்கள்.

பாரிமுனை_வக்கீல் | 6 ஆகஸ்ட், மாலை 7:30

எனக்கு எப்ஐஆர்தான் சரி என்று படுகிறது. ஆனால் புகார்தாரர் அவர். எழுதிக் கொடுத்ததன் நகலைக் கேட்டுப் பாருங்கள், சில நேரம் தருவார்கள். சிஎஸ்ஆர் எண்ணை வீட்டில் எல்லோர் போனிலும் வையுங்கள். இனி ஒரே ஒரு செய்தி வந்தாலும் அதே நாளில் நிலையத்துக்குப் போக வேண்டும். காத்திருந்து சேர்க்காதீர்கள்.

வடக்குமாடவீதி | 10 ஆகஸ்ட், இரவு 8:50

ஆடி நான்காம் வெள்ளி படப்பிடிப்பு புதன் காலையிலேயே முடிந்து, வெள்ளி மாலை வெளியானது. எந்தக் கோயில் என்று அறிவிப்பு முன்கூட்டிப் போவதில்லை, முதலாளி ஒப்புக்கொண்டுவிட்டார். ஸ்கூட்டரை வீட்டில் நிறுத்தியாயிற்று. விம்கோ நகரிலிருந்து மெட்ரோவில் பெண்கள் பெட்டியில் போகிறாள், தினமும் ஒரே நேரத்து ரயிலைப் பிடிப்பதில்லை. இறங்கும் நிலையத்தில் அக்கா நிற்பார். காவல் உதவி செயலியை அவள் போனிலும் அம்மா போனிலும் ஏற்றி, அழுத்திப் பழகியிருக்கிறார்கள்.

எட்டாம் தேதியிலிருந்து எந்த எண்ணிலிருந்தும் செய்தி இல்லை. ஆனால் ஆபீஸ் எண்ணுக்கு "அந்தப் பெண் எந்தக் கோயிலில் இருக்கிறாள்?" என்று ஒரு பெண் குரலில் அழைப்பு வந்திருக்கிறது. அவர் வீட்டாரா, நிஜமான நேயரா தெரியவில்லை. அக்கா பதில் சொல்லாமல் வைத்துவிட்டு நோட்டில் எழுதிவிட்டார். நாளை அதையும் நிலையத்தில் சொல்லப் போகிறோம். நவராத்திரி ஒன்பது நாளும் நேரலை வேண்டும் என்று முதலாளி இப்போதே கேட்கிறார். வெளியிடத்தில் வேண்டாம், ஸ்டூடியோவுக்குள் என்றால் சரி என்று தங்கை சொல்லியிருக்கிறாள்.